ஊகிக்கலாமா, அகராதியைப் பார்க்கலாமா: காலைக் கூட்டத்தில் பேசப்போகிறவர்களின் கேள்விகள்

காலைக் கூட்டத்தில் 3 நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். சொல்லுக்குப் பொருள் ஊகிப்பதைவிட அகராதியில் பார்ப்பது ஏன் நல்லது என்பது தலைப்பு. எதில் தொடங்குவது?

ஒரே ஒரு சொல்லில் தொடங்குங்கள். "அகராதி ஒரு அறிவுக் களஞ்சியம்" என்று ஆரம்பித்தால் இரண்டாவது வரிக்குள் கூட்டம் தலையைத் திருப்பிக்கொள்ளும். கேட்பவர்கள் அங்கேயே நின்றபடி ஒரு சொல்லுக்குப் பொருள் ஊகிக்க வேண்டும், அந்த ஊகம் தவறாகிப்போவதை அவர்களே பார்க்க வேண்டும். அது நடந்துவிட்டால் உரையின் பாதி வேலை முடிந்தது.

எல்லாச் சொல்லும் இதற்கு ஒத்துவராது. "இறும்பூது" என்று கேட்டால் (வியப்பு என்று பொருள்) பெரும்பாலோர் தெரியாது என்றுதான் சொல்வார்கள். தெரியாது என்று ஒருவருக்குத் தெரிந்துவிட்டால் அங்கே ஆபத்து இல்லை, அவர் யாரையாவது கேட்டுக்கொள்வார். உங்களுக்கு வேண்டியது, எல்லோரும் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கும் சொல். அதுவும் ஏற்கெனவே மனப்பாடமான ஒரு வரிக்குள் இருந்தால் இன்னும் நல்லது. எங்கள் தேர்வு, திருக்குறளின் 396-ஆம் குறளில் வரும் "தொட்டனைத்து".

அந்தக் குறள் எனக்கு மனப்பாடம். அதில் என்ன தவறாகப் புரிந்துகொள்ள இருக்கிறது?

குறளை ஒருமுறை பார்த்துவிடுவோம்.

தொட்டனைத் தூறும் மணற்கேணி மாந்தர்க்குக்
கற்றனைத் தூறும் அறிவு.

முதல் சொல்லைச் சீருக்காகப் பிரித்திருக்கிறார்கள். சொல்லாகப் பிரித்தால் தொட்ட + அனைத்து + ஊறும். மூன்றுமே இன்றைக்கும் புழங்குகிற சொற்கள்தான். தொட்ட என்றால் கையால் தொட்ட, அனைத்து என்றால் எல்லாம், ஊறும் என்றால் நீர் சுரக்கும். ஆக, "தொட்ட இடமெல்லாம் மணற்கேணியில் நீர் ஊறும், அதுபோல் கற்றதெல்லாம் அறிவாக ஊறும்" என்று ஒரு பொருள் கிடைக்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. தேர்வில்கூட இப்படி எழுதிவிட்டு நிம்மதியாக எழுந்து போகலாம்.

அகராதி வேறு சொல்கிறது. தொடுதல் என்பதற்குத் தீண்டுதல் என்ற பொருளோடு தோண்டுதல் என்ற பொருளும் உண்டு. அனைத்து என்பதற்கு எல்லாம் என்பதோடு, அவ்வளவு என்ற பழைய பொருளும் உண்டு. எனவே தொட்டனைத்து என்றால் தோண்டிய அளவு. மணலில் தோண்டிய கேணியில், தோண்டும் அளவுக்கே நீர் ஊறும். மனிதருக்குக் கற்கும் அளவுக்கே அறிவு ஊறும்.

இரண்டு பொருளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஊகத்தில் காணாமல் போனது உழைப்பும் அளவும்தான். தொடுவதற்கு ஒரு விரல் போதும். தோண்டுவதற்கு மண்வெட்டி வேண்டும். ஓரடி தோண்டினால் கிடைப்பது வேறு, பத்தடி தோண்டினால் கிடைப்பது வேறு என்பதுதான் குறளின் கணக்கு. அந்தக் கணக்கு போய்விட்டால் மிச்சமிருப்பது "படித்தால் அறிவு வளரும்" என்ற பொதுப்பேச்சு.

உங்கள் உரை பற்றிக்கொள்ள வேண்டிய இழை இதுதான். தவறான ஊகம் தடுக்கி விழுந்து தன்னைக் காட்டிக்கொடுப்பதில்லை. வாக்கியத்துக்குள் சௌகரியமாக உட்கார்ந்துகொள்கிறது. அதனால்தான் படிக்கிறவருக்குச் சந்தேகமே வருவதில்லை.

அப்படியானால் என் ஊகம் தவறு என்று எனக்கே தெரிய வழி இருக்கிறதா?

ஓரளவுக்கு உண்டு. பொருள் நிற்பதற்காக வரியில் இல்லாத எதையாவது நீங்களாகச் சேர்த்தீர்களா என்று பாருங்கள். மேலே "தொட்ட இடமெல்லாம்" என்று சொன்னபோது "இடம்" எங்கிருந்து வந்தது? குறளில் இல்லை. எல்லாம் என்று பொருள்கொள்ள "அனைத்தும்" என்று உம் வந்தால் இயல்பாக இருக்கும். குறளிலோ "அனைத்து" என்று மட்டும்தான் இருக்கிறது. இப்படி ஒரு சொல்லையோ உருபையோ கைக்காசு போட்டு நிரப்ப வேண்டி வந்தால், அகராதியை எடுக்க வேண்டிய இடம் அது.

இன்னொரு சோதனை, நடப்பைக் கேட்பது. மணலைத் தொட்டால் தண்ணீர் வருமா? விரல்கூட நனையாது. மேடையில் இந்தக் கேள்விக்குச் சிரிப்பு வரும், விட்டுவிடாதீர்கள்.

அகராதியில் "தொட்டனைத்தூறும்" என்று தேடினேன். அப்படி ஒரு சொல்லே இல்லை என்கிறது. என்ன செய்வது?

பலர் அகராதியை மூடிவைத்துவிட்டு ஊகத்துக்குத் திரும்புவது இந்த இடத்தில்தான். குறை அகராதியில் இல்லை. தமிழில் சொற்கள் புணர்ந்தும் உருபு ஏற்றும் வரும், அகராதியோ அடிச்சொல்லை மட்டும் தலைச்சொல்லாக வைத்திருக்கும். இடையில் உள்ள வேலை நம்முடையது.

முதலில் புணர்ச்சியைப் பிரியுங்கள். தொட்டனைத்தூறும் என்பது தொட்ட, அனைத்து, ஊறும் என்று மூன்றாகும். நடுவில் வந்து நிற்கும் க், ச், த், ப் ஒற்றுகளைக் கழற்றிவிடுங்கள். "மாந்தர்க்குக் கற்ற" என்பதில் கடைசி "க்" அப்படி வந்ததுதான். பெயர்ச்சொல்லாக இருந்தால் வேற்றுமையை நீக்கிப் பாருங்கள். ஆற்றில் என்று தேடினால் கிடைக்காது, ஆறு என்று தேடினால் கிடைக்கும். மரத்தை என்பது மரம்.

வினைச்சொல் கொஞ்சம் வம்பு. காலத்தையும் விகுதியையும் எடுத்துவிட்டு ஏவல் வடிவத்துக்கு வர வேண்டும். வந்தான் என்பதற்கு வா. தொட்ட என்பதற்குத் தொடு. ஆனால் தொடு என்று போனால் தொடுதல், தொடுத்தல் என்று இரண்டு தனித்தனித் தலைச்சொற்கள் நிற்கும். தமிழ்ப் பேரகராதியில் அடிச்சொல்லுக்குப் பிறகு ஒரு சிறு கோடிட்டு "-தல்", "-த்தல்" என்று காட்டியிருப்பார்கள். எதற்குள் நுழைவது என்பதை இறந்தகாலம் சொல்லிவிடும். தொட்டான் என்று வந்தால் தொடுதல்; தொடுத்தான் என்று வந்தால் தொடுத்தல். நம் குறளில் இருப்பது தொட்ட, ஆகவே தொடுதல். இதைக் கவனிக்காமல் தொடுத்தலுக்குள் போய்விட்டால் பூ தொடுப்பதும் அம்பு தொடுப்பதும்தான் கிடைக்கும். பிறகு மணற்கேணியில் பூமாலை எப்படி வந்தது என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

கடைசிப் படி, பல பொருள்களில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது. முதலில் அச்சிட்டிருப்பதை எடுத்துக்கொண்டு ஓடிவிடாதீர்கள். தொடுதலுக்கு முதல் பொருளாக வருவது தீண்டுதல்தான். அதோடு நின்றால் நீங்கள் ஊகித்த பொருளையே அகராதியும் சொன்னதாக ஆகிவிடும். ஒவ்வொரு பொருளையும் வரிக்குள் வைத்துப் படியுங்கள். எதையும் சேர்க்காமல் எது நிற்கிறதோ அதுதான் உங்களுக்கு வேண்டியது.

காதால் மட்டும் கேட்ட சொல்லைத் தேடுகிறீர்கள் என்றால் ர-ற, ல-ள-ழ, ந-ன-ண மாற்றிப் பாருங்கள். இறும்பூதை "இரும்பூது" என்று தேடினால் இரும்புதான் கிடைக்கும். புள்ளி எழுத்தின் இடமும் அகராதிக்கு அகராதி வேறுபடும். சிலவற்றில் "க்" வருகிற சொற்கள் "க" வரிசைக்கு முன்னால் இருக்கும், சிலவற்றில் பின்னால். ஓரிடத்தில் இல்லையென்றால் மற்றதிலும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

எந்த அகராதியைப் பார்ப்பது?

சொல் எங்கே வந்தது என்பதைப் பொறுத்தது. செய்தித்தாளிலோ இன்றைய கதையிலோ வந்த சொல்லுக்குக் க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி பொருத்தமானது. அதன் முதல் பதிப்பு 1992-இல் வந்தது. பெயரே சொல்வதுபோல் அது இன்றைய வழக்குக்கானது, சங்கப் பாடலுக்கும் குறளுக்கும் அதை நம்பிப் போகக் கூடாது. பழைய பாடலுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி வேண்டும். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. பொருளைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் தரும், பல இடங்களில் அந்தப் பொருளில் சொல் வந்த பாடலையும் காட்டும். இணையத்திலும் தேடிப் பார்க்கலாம்.

கையடக்க அகராதிகள் அவசரத்துக்கு உதவும். ஒரு சொல்லுக்கு ஓரிரு பொருளோடு நிறுத்திவிடுவதால், நம்முடைய "தொட்ட" போன்ற இடங்களில் கைவிட்டுவிடும்.

முன்காலத்தில் அகராதி இல்லாமலா படித்தார்கள்?

நிகண்டுகள் இருந்தன. அவை பாட்டாக இருக்கும், பொருள் வாரியாகத் தொகுத்திருக்கும். தேடி எடுப்பதைவிட மனப்பாடம் செய்து வைத்துக்கொள்வதற்கே ஏற்றவை. அகர வரிசையில் புரட்டிப் பார்க்கும் வசதியைப் பெரிய அளவில் கொண்டுவந்தது வீரமாமுனிவரின் சதுரகராதி, 1732-இல். உரையில் நேரம் மிஞ்சினால் ஒரு வரி சொல்லலாம். மிஞ்சாது.

முன்பின் வாக்கியத்தைப் பார்த்து ஊகிக்கச் சொல்லித்தானே வகுப்பில் கற்றுத்தருகிறார்கள்? நான் மேடையில் அதற்கு எதிராகப் பேசினால் ஆசிரியர் என்ன நினைப்பார்?

எதிராகப் பேச வேண்டியதில்லை. பேசினால் தவறும்கூட. கதை ஓடிக்கொண்டிருக்கும்போது ஒவ்வொரு சொல்லுக்கும் நிறுத்தி அகராதி எடுப்பவர் எந்தக் கதையையும் முடிக்க மாட்டார். ஊகம் வாசிப்பை நகர்த்துவதற்கு உதவும். அதையே முடிந்த முடிவாக வைத்துக்கொள்வதுதான் சிக்கல்.

ஊகம் எப்போது கைகொடுக்கும் என்பதற்கும் ஓர் எல்லை உண்டு. சுற்றிலும் உள்ள சொற்கள் கிட்டத்தட்ட எல்லாமே தெரிந்திருக்க வேண்டும். ஹூ, நேஷன் என்ற இரு ஆய்வாளர்கள் 2000-இல் ஆங்கிலக் கதை வாசிப்பை வைத்துப் பார்த்தபோது, பிறர் உதவியில்லாமல் புரிந்துகொள்ள ஏறக்குறைய 98 விழுக்காடு சொற்கள் தெரிந்திருக்க வேண்டும் என்று கண்டார்கள். அதாவது 50 சொல்லுக்கு ஒன்றுதான் தெரியாமல் இருக்கலாம். ஆங்கிலத்துக்குச் சொன்ன கணக்கை அப்படியே தமிழுக்கு எடுத்துவர முடியாது. ஆனால் ஏழே சீர் உள்ள குறளில் இரண்டு சொல் புரியாமல் போனால் சுற்றிலும் உள்ள சொற்கள் என்று எதைப் பார்ப்பது?

எனவே உரையில் இப்படிச் சொல்லுங்கள்: ஊகியுங்கள், அந்த ஊகத்தைப் பென்சிலால் ஓரத்தில் எழுதுங்கள், பத்தியை முடித்ததும் அகராதியில் பாருங்கள். எழுதுவது ஏன் என்றால், எழுதாத ஊகம் அகராதியைப் பார்த்த நொடியில் "நான் அப்படித்தான் நினைத்தேன்" என்று நிறம் மாறிவிடும். எழுதியது மாறாது.

எனக்கு நன்றாகத் தெரிந்த சொல்லைக்கூடப் பார்க்க வேண்டுமா?

பழைய வரியில் வந்தால் ஆமாம். "வெகுளி" என்றால் இன்று கள்ளங்கபடம் அறியாதவர். "அவன் ஒரு வெகுளி" என்றால் பாவம் என்றுதான் தோன்றும். 35-ஆம் குறள் விலக்க வேண்டிய நான்கில் ஒன்றாக வெகுளியைச் சொல்கிறது. அப்பாவித்தனத்தை ஏன் விலக்க வேண்டும்? அங்கே வெகுளி என்றால் கோபம். "வெகுளாமை" என்று ஓர் அதிகாரமே இருக்கிறது, கோபம் கொள்ளாதிருப்பதைப் பற்றி.

"நாற்றம்" அதைவிட வேடிக்கை. இன்று மூக்கைப் பொத்திக்கொள்கிறோம். 1274-ஆம் குறளிலோ அது மொட்டுக்குள் அடங்கியிருக்கும் நறுமணம்.

முழு உரையாக ஒன்று எழுதிக் காட்ட முடியுமா?

கீழே இருப்பதை நிறுத்தங்களோடு பேசினால் ஏறத்தாழ 3 நிமிடத்துக்குள் முடியும். மைதானத்தில் ஒலிபெருக்கி எதிரொலிக்கும் என்பதால் வீட்டில் பேசுவதைவிட மெதுவாகத்தான் பேச வேண்டியிருக்கும். கடிகாரம் வைத்துச் சத்தமாக ஒருமுறை சொல்லிப் பாருங்கள். 3 நிமிடத்தைத் தாண்டினால் பென்சில் பற்றிய பத்தியைச் சுருக்குங்கள், குறளைச் சுருக்காதீர்கள்.

> தலைமையாசிரியருக்கும் ஆசிரியர்களுக்கும் நண்பர்களுக்கும் காலை வணக்கம்.
>
> நம்மில் பலருக்கு மனப்பாடமான ஒரு குறள். "தொட்டனைத் தூறும் மணற்கேணி மாந்தர்க்குக் கற்றனைத் தூறும் அறிவு." இதில் முதலில் வரும் "தொட்ட" என்பதற்கு என்ன பொருள்? மனத்துக்குள் ஒரு பதிலை வைத்துக்கொள்ளுங்கள்.
>
> (மூன்று நொடி நிறுத்தம்)
>
> கையால் தொட்ட என்று நினைத்தவர்கள் கையைத் தூக்குங்கள்.
>
> நன்றி, இறக்கிக்கொள்ளலாம். அப்படி நினைப்பது இயல்புதான், தினமும் அந்தப் பொருளில்தான் பேசுகிறோம். ஆனால் ஒன்று சொல்லுங்கள். மணலைத் தொட்டால் தண்ணீர் வருமா?
>
> தமிழ்ப் பேரகராதியில் தொடுதல் என்ற சொல்லுக்கு இன்னொரு பொருளும் இருக்கிறது. தோண்டுதல். "அனைத்து" என்பதற்கும் இங்கே எல்லாம் என்று பொருள் இல்லை, அவ்வளவு என்று பொருள். இப்போது குறளைத் திரும்பப் படிப்போம். மணற்கேணியில் தோண்டிய அளவுக்கு நீர் ஊறும். மனிதருக்குக் கற்ற அளவுக்கு அறிவு ஊறும்.
>
> தொடுவதற்கு ஒரு நொடி போதும். தோண்டுவதற்கு மண்வெட்டி வேண்டும், முதுகு வலிக்க வேண்டும். குறள் சொல்ல வந்ததே அந்த உழைப்பை. நம் ஊகம் அதை மட்டும் உருவி எடுத்துவிட்டது. வரி அப்படியே அழகாக இருந்ததால் எதுவோ போய்விட்டது என்று நமக்குத் தெரியவே இல்லை.
>
> ஊகிக்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. ஊகித்ததைப் பென்சிலால் ஓரத்தில் எழுதுங்கள். பத்தி முடிந்ததும் அகராதியில் பாருங்கள். கிடைக்கவில்லை என்றால் சொல்லைப் பிரித்து, அடிச்சொல்லைத் தேடுங்கள். முதல் பொருளோடு நிற்காமல் கடைசி வரை படியுங்கள்.
>
> போகும்போது ஒரு சொல் தருகிறேன். "வெகுளி". குறளில் இது வருகிறது. அங்கே என்ன பொருள் என்று இப்போதே நினைத்துக்கொள்ளுங்கள். மதிய இடைவேளைக்குள் அகராதியில் பாருங்கள். நீங்கள் நினைத்ததும் அதில் இருப்பதும் ஒன்றுதானா என்று நாளைக்குச் சொல்லுங்கள். நன்றி.

சின்ன வகுப்புப் பிள்ளைகளும் நிற்பார்கள். அவர்களுக்குக் குறள் கனமாக இருக்காதா?

சிறியவர்கள் மட்டும் உள்ள கூட்டம் என்றால் "அழுக்காறு" எடுத்துக்கொள்ளுங்கள். அழுக்கான ஆறு என்று எல்லாரும் ஒரே குரலில் சொல்வார்கள், பொறாமை என்று அகராதி சொல்லும். சிரிப்பு உறுதி. இதன் குறை, தவறு உடனே பிடிபட்டுவிடும். நைசாக உள்ளே உட்கார்ந்துகொள்ளும் தவறை இதை வைத்துக் காட்ட முடியாது. கலந்த கூட்டம் என்றால் தொட்டனைத்துதான்.

மேடைக்கு அகராதியைக் கையோடு கொண்டுபோகலாமா?

கொண்டுபோகலாம், ஆனால் மேடையில் தேடாதீர்கள். ஒலிபெருக்கியில் தாள் புரளும் சத்தம் மட்டும் கேட்கும்படி அரை நிமிடம் போனால் கூட்டம் கைநழுவிவிடும். பக்கத்தில் முன்கூட்டியே ஒரு துண்டுத்தாள் செருகி வைத்து, திறந்து, தேவையான ஒற்றைச் சொல்லை மட்டும் படியுங்கள். தொடுதலுக்கு உள்ள எல்லாப் பொருளையும் படிக்கத் தொடங்கினால் அகராதிதான் பேசும், நீங்கள் பேச மாட்டீர்கள். "அகராதியில் இருக்கிறது" என்று மொட்டையாகச் சொல்லாமல் எந்த அகராதி என்று பெயர் சொல்லுங்கள்.

"கை தூக்குங்கள்" என்றால் யாருமே தூக்காவிட்டால்?

பெரிய கூட்டத்தில் அது நடக்கும், தவறாகிவிடுமோ என்ற பயம்தான். அதற்காகவே மூன்று நொடி நிறுத்தம். மனத்துக்குள் ஏற்கெனவே ஒரு பதில் உருவாகியிருக்கும். கை வராவிட்டாலும் பரவாயில்லை. "மனத்துக்குள் தூக்கியவர்களுக்கும் நன்றி" என்று சொல்லிவிட்டு மேலே போங்கள். தூக்கியவர்களைப் பார்த்து "தவறு" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அடுத்த முறை அவர்கள் ஊகிப்பதை நிறுத்த மாட்டார்கள், ஊகத்தை வெளியே சொல்வதைத்தான் நிறுத்துவார்கள்.

யாராவது "தோண்டிய" என்று முதலிலேயே சரியாகச் சொல்லிவிட்டால் என் உரை கெட்டுப்போகுமே?

கெடாது. "உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேளுங்கள். குறளின் விளக்க உரையில் படித்தேன், ஆசிரியர் சொன்னார், அகராதியில் பார்த்தேன் என்று ஏதோ ஒன்று வரும். ஊகித்தேன் என்று பெரும்பாலும் வராது, ஏனென்றால் இன்றைய பேச்சில் தொடுதலுக்கு அந்தப் பொருள் இல்லை. அவரை வைத்தே அடுத்த வரிக்குப் போய்விடலாம். அதோடு "அனைத்து" என்பதை அவரிடமே கேட்டுப் பாருங்கள். தோண்டிய என்று தெரிந்தவர்களில் பலர் அங்கே "எல்லாம்" என்றுதான் சொல்வார்கள்.